கம்பி அளவைத் திருத்தி கான்ட்ராக்டர் அனுப்பிய மெயில்: 340 கிலோ கூடுதல், ஒத்துக்கொள்ளலாமா?

காவிரிக்கரை_மனை

வணக்கம். திருச்சியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளம், முதல் தளம் இரண்டும் சேர்த்து சுமார் 2,325 சதுரடி. சதுரடி ரேட் இல்லை, ஐட்டம் ரேட் ஒப்பந்தம். கம்பிக்கு வாங்கி, வெட்டி, வளைத்து, கட்டி முடிக்க கிலோ ரூ.84.

ஹாலில் நடுவே வந்த பீமும் பில்லரும் வேண்டாம் என்று நாங்கள்தான் கேட்டோம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரைபடத்தை மாற்றிக் கொடுத்தார். அதை வைத்து கான்ட்ராக்டர் திருத்திய எஸ்டிமேட் அனுப்பினார். பார்த்துவிட்டு "ஓகே" என்று பதில் போட்டுவிட்டேன். இப்போது இந்த மெயில் வந்திருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டு அப்படியே போடுகிறேன்.

> பொருள்: திருத்திய எஸ்டிமேட், வரிசை 14 - கம்பி அளவில் பிழை திருத்தம்
>
> வணக்கம் சார்,
>
> சென்ற வாரம் அனுப்பிய திருத்திய எஸ்டிமேட்டில் வரிசை 14 (இரண்டு தளங்களின் ரூஃப் ஸ்லாப் மெயின் கம்பி) எடை குறைவாகக் காட்டப்பட்டுள்ளது. நடு பீமை எடுத்ததால் மெயின் கம்பி 8 மி.மீ-லிருந்து 10 மி.மீ-க்கு மாறியது. எங்கள் ஷீட்டில் கம்பியின் விட்டத்தை மாற்றினோம். மீட்டருக்கான எடை மட்டும் 8 மி.மீ-க்கு உரிய 0.395 கிலோவாகவே நின்றுவிட்டது. 10 மி.மீ-க்கு 0.617 கிலோ வர வேண்டும்.
>
> நீளத்தில் மாற்றம் இல்லை: தளத்துக்கு 81 கம்பி, ஒவ்வொன்றும் 9.45 மீட்டர். இரண்டு தளத்துக்கும் 1,530.9 மீட்டர்.
>
> காட்டிய எடை 604.7 கிலோ. சரியான எடை 944.6 கிலோ.
>
> இதனால் மொத்தக் கம்பி 7,860 கிலோவிலிருந்து 8,200 கிலோ ஆகிறது. சேதாரம் 3% சேர்த்து 8,096 கிலோ என்று இருந்தது 8,446 கிலோ ஆகும். கூடுதல் 350 கிலோ, கிலோ ரூ.84 வீதம் ரூ.29,400.
>
> மற்ற வரிசைகளில் மாற்றம் இல்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம். ஸ்லாப் கம்பி இன்னும் வாங்கவில்லை. தங்கள் ஒப்புதல் கிடைத்த பின் ஆர்டர் கொடுக்கிறோம்.

முதலில் குறைத்துக் காட்டி ஓகே வாங்கிவிட்டு, அப்புறம் ஏற்றுகிறாரா? இல்லை உண்மையிலேயே தவறா? எனக்கு இந்த எடைக் கணக்கு புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சதுரடி_சம்பந்தம்

சார், பயப்பட ஒன்றுமில்லை. நம்ம ஊரில் பில்லர், பீம் வைத்துக் கட்டும் வீட்டுக்கு சதுரடிக்கு மூன்றரையிலிருந்து நாலு கிலோ கம்பி வரும். உங்கள் 8,200-ஐ 2,325-ஆல் வகுத்தால் 3.53 வருகிறது. கச்சிதம். கண்ணை மூடிக்கொண்டு ஓகே சொல்லுங்கள்.

---

கறார்_கஸ்டமர்

கண்ணை மூடிக்கொண்டா? ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தான் ஓகே சொல்லியிருக்கிறார். அவர் எஸ்டிமேட் கொடுத்தார், இவர் ஏற்றுக்கொண்டார், ஒப்பந்தம் முடிந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 22ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்துக்கொண்டது என்பதற்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. அவருடைய எக்செல் தவறுக்கு நீங்கள் ஏன் ரூ.29,400 கொடுக்க வேண்டும்?

---

அளவுப்புத்தகம்

சட்டத்துக்கு அப்புறம் வரலாம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கம்பியின் எடைக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 மி.மீ என்றால் 64-ஐ 162-ஆல் வகுக்க 0.395. 10 மி.மீ என்றால் 100-ஐ வகுக்க 0.617. விட்டம் 2 மி.மீ-தான் கூடியது, எடையோ ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விட்டது. மேஸ்திரிகளே இந்த இடத்தில் ஏமாறுவார்கள், "ஒரு சைஸ்தானே பெரிசு" என்பார்கள்.

உங்கள் மெயிலில் உள்ள 604.7-ஐ 1,530.9-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.395 வரும். அதாவது காட்டிய எடை அப்பட்டமாக 8 மி.மீ-யின் எடை. வேண்டுமென்றே குறைப்பவர் 600, 650 என்று ஏதாவது ஒரு எண்ணைப் போடுவார். மூன்று தசமம் வரை இப்படிச் சரியாகப் பொருந்துவது ஷீட்டில் ஒரு கட்டம் மாறாமல் நின்றுபோனதற்கான அடையாளம். எடை எண்ணைக் கையால் அடித்து வைத்திருப்பார்கள். விட்டக் கட்டத்தோடு சூத்திரமாக இணைத்திருந்தால் இது நடந்திருக்காது:

```
=ROUND(D14*D14/162,3)*G14
```

D-யில் விட்டம், G-யில் மொத்த நீளம். விட்டத்தை மாற்றினால் எடை தானாக மாறிவிடும்.

ஆக அவர் சொல்லும் காரணம் பொருந்துகிறது. ஆனாலும் இரண்டு விஷயம் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள். ஒன்று, இன்ஜினியரின் திருத்திய வரைபடத்தில் மெயின் கம்பி உண்மையிலேயே 10 மி.மீ, 150 மி.மீ இடைவெளி என்றுதான் இருக்கிறதா? இரண்டு, அதே எஸ்டிமேட்டில் 10 மி.மீ கம்பி வரும் வேறு வரிசை இருந்தால், அதன் எடையை நீளத்தால் வகுத்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

சம்பந்தம் சார் சொன்ன சதுரடிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய 7,860-ஐயும் வகுத்துப் பாருங்கள், 3.38 வருகிறது. அதைப் பார்த்தாலும் யாரும் புருவத்தை உயர்த்தமாட்டார்கள். 340 கிலோ தவறைப் பிடிக்க முடியாத அளவுகோல் அது. வீடு கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது பட்ஜெட் போட உதவும், ஒரு வரிசையைச் சரிபார்க்க உதவாது.

---

சதுரடி_சம்பந்தம்

நான் சொன்னது தப்பில்லையே சார். மொத்தம் நியாயமாக இருக்கிறது என்றுதானே சொன்னேன்.

---

அளவுப்புத்தகம்

தப்பில்லை. கேள்விக்குப் போதாது, அவ்வளவுதான்.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

என் அனுபவத்தில் கம்பிக் கடைக்காரர்கள் எடையில் கை வைப்பது சகஜம். எங்கள் வீட்டுக்கு வந்த லோடை எடை மேடையில் ஏற்றினோம். பில்லில் இருந்ததைவிடக் குறைவு. கடையில் கேட்டால் "ரோலிங் மார்ஜின்" என்கிறார்கள். ஐயா உடனே கடையை மாற்றச் சொல்லுங்கள்.

---

அளவுப்புத்தகம்

வாத்தியார் ஐயா, அது வேறு பிரச்சினை. இங்கே கம்பி இன்னும் கடையிலிருந்தே வரவில்லை. தாளில்தான் சண்டை.

ஆனாலும் நீங்கள் சொன்னது பின்னால் பயன்படும். ஐஎஸ் 1786 தரத்தில் எடைக்கு ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு. 10 மி.மீ வரை 7 சதவீதம், 16 மி.மீ வரை 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம். 12 மீட்டர் நீளமுள்ள 10 மி.மீ கம்பி ஒன்று 7.4 கிலோ இருக்க வேண்டும். எடை போட்டால் 7 கிலோ வந்தாலும் தரத்துக்கு உட்பட்டதுதான். இந்தச் சதவீதம் லோடு மொத்தத்துக்கு, ஒற்றைக் கம்பி 8 சதவீதம் வரை குறையலாம். அதனால் 6.8-க்குக் கீழே போனால் திருப்பி அனுப்பலாம்.

---

காவிரிக்கரை_மனை

ரொம்ப நன்றி சார். வரைபடம் பார்த்தேன். ஸ்லாப் கனமும் 125-லிருந்து 150 மி.மீ ஆகியிருக்கிறது. அடியில் மெயின் கம்பி 10 மி.மீ, 150 இடைவெளி என்று தெளிவாகப் போட்டிருக்கிறார். குறுக்குக் கம்பி பழையபடி 8 மி.மீ.

நீங்கள் கேட்டபடி வேறு 10 மி.மீ வரிசையைத் தேடினேன். நேர் கீழேயே இருக்கிறது. வரிசை 15: "பீம் மேல் எக்ஸ்ட்ரா டாப் கம்பி, 10 மி.மீ, 162 எண்ணம், 2.4 மீட்டர், 388.8 மீட்டர், 239.9 கிலோ". வகுத்தால் 0.617 வருகிறது. இதைச் சரியாகப் போட்டவர் மேல் வரிசையில் எப்படித் தவறினார்?

---

அளவுப்புத்தகம்

அதுதான் நல்ல சாட்சி. வரிசை 15 புதிதாகச் சேர்த்ததாக இருக்கும். பழைய எஸ்டிமேட்டில் இருந்திருக்காது. புதிதாக அடிக்கும்போது சரியாக அடிப்பார்கள். வரிசை 14 பழையதைத் திருத்தியது. திருத்தும் வரிசையில்தான் பாதி மாறும், பாதி நிற்கும். நான் பில் செக் செய்த காலத்தில் திருத்திய எஸ்டிமேட் வந்தால் புது வரிசைகளை மேலோட்டமாகத்தான் பார்ப்பேன். "மாற்றப்பட்டது" என்று குறித்த வரிசைகளில்தான் கால்குலேட்டரை எடுப்பேன்.

340 கிலோ நியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு உறுத்துவது அந்த 3 சதவீதம்.

---

கறார்_கஸ்டமர்

பார்த்தீர்களா! எங்கேயோ இடிக்கிறது என்று சொன்னேன்.

---

அளவுப்புத்தகம்

நீங்கள் சொன்ன இடம் இல்லை, வேறு இடம்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் கம்பியை எப்படி அளக்க வேண்டும் என்று இருக்கிறது. கட்டிய கம்பியின் நீளத்தை அளந்து, நிலையான எடையால் பெருக்க வேண்டும். வரைபடப்படி வரும் ஓவர்லாப்பும் ஸ்பேசர் கம்பியும் அளவில் சேரும். வெட்டும்போது வீணாகும் துண்டு சேராது, கட்டுக்கம்பியும் தனியாகச் சேராது. அதெல்லாம் கிலோ ரேட்டுக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். "வாங்கி, வெட்டி, வளைத்து, கட்டி முடிக்க ரூ.84" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் 3 சதவீதம் சேதாரம் என்றால் வெட்டு நஷ்டத்தை இரண்டு தடவை வாங்குகிற மாதிரி ஆகிறது.

8,200-க்கு 3 சதவீதம் 246 கிலோ. ரூ.84 வீதம் ரூ.20,664. நீங்கள் சண்டை போட நினைக்கும் தொகையில் முக்கால்வாசிக்குக் கிட்ட வந்துவிட்டது பாருங்கள். இது பிழையாக வந்ததில்லை, முதல் எஸ்டிமேட்டிலிருந்தே உட்கார்ந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

உங்கள் ஒப்பந்தம் தனியார் ஒப்பந்தம். அரசு விதி தானாகப் பொருந்தாது. ஒப்பந்தத் தாளில் அளவு முறை பற்றி என்ன எழுதியிருக்கிறது?

---

சின்ன_கான்ட்ராக்டர்

நானும் இந்தத் தொழில்தான், தஞ்சாவூர்ப் பக்கம். அந்தக் கான்ட்ராக்டர் யார் என்று தெரியாது, அவருக்காகப் பேசவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: கடையில் 12 மீட்டர் கம்பிதான் வரும். வரைபடத்தில் 9.45 என்று இருந்தால் வெட்டின மிச்சம் 2.55 மீட்டர். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? ரூ.84-ல் கம்பி விலை, ஜிஎஸ்டி, ஏற்று இறக்குக் கூலி, கட்டும் கூலி எல்லாம் போக மிஞ்சுவது என்ன என்று வந்து பாருங்கள். 3 சதவீதம் போடுவது ஊர் வழக்கம். மறைத்துப் போட்டால் திருட்டு, வெளியே எழுதிப் போட்டால் நேர்மை. இவர் வெளியே எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. தவறு தெரிந்ததும் தானாக மெயில் போட்டிருக்கிறார், அதுவும் கம்பி வாங்குவதற்கு முன்னால். ஸ்லாப் போட்ட பிறகு பில்லில் ஏற்றியிருந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்? கான்கிரீட்டை உடைத்தா பார்ப்பீர்கள்?

---

அளவுப்புத்தகம்

தம்பி சொன்ன கடைசி விஷயத்தை முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். நல்ல மெயில் அது. எந்த வரிசை, ஏன் தவறியது, எது மாறவில்லை, பணத்தில் எவ்வளவு, ஆர்டர் போயிற்றா இல்லையா, எல்லாம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளிலிருந்தே "எஸ்டிமேட் மாற்றப்பட்டுள்ளது, இணைப்பைப் பார்க்கவும்" என்று ஒற்றை வரி வரும். எது மாறியது என்று நாம் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

ஆனால் அந்த 2.55 மீட்டர் துண்டைப் பற்றிச் சொன்னீர்களே, அதை இங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். வரிசை 15-ஐத் திரும்பப் பாருங்கள். டாப் கம்பி 2.4 மீட்டர், 162 எண்ணம். மெயின் கம்பியும் தளத்துக்கு 81 வீதம் 162. இரண்டும் ஒரே 10 மி.மீ. ஒரு முழுக் கம்பியில் 9.45 வெட்டினால் மிச்சம் 2.55, அதில் ஒரு டாப் கம்பி வந்துவிடுகிறது. வீணாவது 15 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை.

162 முழுக் கம்பி வாங்கினால் சுமார் 1,199.5 கிலோ. இரண்டு வரிசையும் சேர்த்து அளவில் வருவது 1,184.5. நஷ்டம் 15 கிலோ, ஒன்றே கால் சதவீதம். இன்ஜினியர் வேண்டுமென்றே இப்படி வைத்தாரா தெரியாது. அமைந்துவிட்டது.

இதே ஸ்லாப்பை யோசிக்காமல் வெட்டினால் என்ன ஆகும்? டாப் கம்பியைத் தனியாக முழுக் கம்பியிலிருந்து வெட்டினால் ஒரு கம்பிக்கு ஐந்து துண்டு, அதில் நஷ்டம் இல்லை. ஆனால் 9.45 வெட்டின 162 மிச்சத் துண்டும் மூலையில் கிடக்கும். அது 255 கிலோ. பழைய இரும்பு விலைக்குப் போகும், அல்லது அடுத்த சைட்டுக்குப் போகும்.

---

சின்ன_கான்ட்ராக்டர்

ஐயா, பேப்பரில் அப்படி வரும். சைட்டில் கம்பி கட்டுகிற ஆள் முதல் நாள் மெயின் வெட்டுவார். மிச்சத்தை இன்னொருவர் எடுத்து சன்ஷேடுக்கு வளைத்துவிடுவார். நாலாம் நாள் டாப் கம்பி எங்கே என்று கேட்டால் புது கம்பியை எடுப்பார்கள். வெட்டும் பட்டியல் ஒட்டி வைத்தாலும் யாரும் பார்ப்பதில்லை.

---

அளவுப்புத்தகம்

அதற்குத்தானே உங்களுக்கு லாபம் வைத்து ரேட் கொடுக்கிறோம்? பட்டியலைப் பார்க்க வைப்பது கான்ட்ராக்டர் வேலை.

சும்மா சொல்லவில்லை, உங்கள் கஷ்டம் தெரியும். பீம், பில்லர் கம்பிகளில் இவ்வளவு அழகாக அமையாது. 16, 20 மி.மீ துண்டுகள் நிஜமாகவே வீணாகும். எல்லா விட்டமும் சேர்த்துப் பார்த்தால் 3 சதவீதம் வந்தாலும் ஆச்சரியம் இல்லை. என் கேள்வி நஷ்டம் எவ்வளவு என்பது இல்லை. அது ரூ.84-க்குள் ஏற்கெனவே இருக்கிறதா என்பதுதான்.

---

மேலூர்_மகள்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் அப்பா வீடு கட்டியபோது கம்பி எல்லாம் நாங்களே வாங்கிக் கொடுத்தோம், கட்டும் கூலி மட்டும் கான்ட்ராக்டருக்கு. எஸ்டிமேட்டில் இருந்த எடையை அப்படியே ஆர்டர் செய்தோம். ஸ்லாப் கட்டும்போது கம்பி பற்றாக்குறை. ஆள் ஓடி, வேறு கம்பெனிக் கம்பி கொண்டுவந்து பாதித் தளத்துக்குப் போட்டார்கள். கான்கிரீட் மிக்சர் வாடகைக்கு வந்து நிற்கிறது, மழை வேறு. அப்பாவுக்கு அன்றைக்கு பிரஷர் ஏறிவிட்டது. எஸ்டிமேட் எடை வேறு, வாங்கும் எடை வேறு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்த அண்ணன் மெயிலில் 8,446 என்று இருக்கிறதே, அது எதற்கான எடை? வாங்கவா, பில்லுக்கா?

---

அளவுப்புத்தகம்

அம்மா, இவ்வளவு நேரம் நாங்கள் சுற்றி வந்ததை நேராகக் கேட்டுவிட்டீர்கள்.

8,200 என்பது கட்டிய கம்பியின் எடை. பில்லுக்கு அதுதான். 8,446 என்பது வாங்க வேண்டியது, நஷ்டமும் சேர்த்து. உங்கள் அப்பா மாதிரி வீட்டுக்காரரே வாங்கினால் இரண்டாவது எண் வேண்டும், நஷ்டம் அவர் தலையில்தான். கான்ட்ராக்டர் வாங்கினால் இரண்டாவது எண் அவருடைய நோட்டில் இருக்க வேண்டியது, எஸ்டிமேட்டில் இல்லை. இந்த மெயிலில் இரண்டும் ஒரே பத்தியில் கலந்து, பணக் கணக்கு இரண்டாவதில் போடப்பட்டிருக்கிறது. அதனால்தான் 340 என்று தொடங்கிய தவறு 350 கிலோவாக முடிகிறது. பத்து கிலோ சின்ன விஷயம், ஆனால் அதன் பின்னால் 246 நிற்கிறது.

---

கறார்_கஸ்டமர்

எல்லாரும் கணக்கில் மூழ்கிவிட்டீர்கள். என் கேள்விக்குப் பதில் இல்லை. எழுத்தில் ஓகே கொடுத்தாகிவிட்டது. அந்த 340 கிலோவை அவர் ஏற்க வேண்டுமா வேண்டாமா? ஒருவேளை தவறு மறுபக்கம் இருந்து, எடை கூடுதலாகக் காட்டி வீட்டுக்காரர் ஓகே சொல்லியிருந்தால், கான்ட்ராக்டர் மெயில் போட்டுக் குறைத்திருப்பாரா?

---

அளவுப்புத்தகம்

போட்டிருப்பாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஐட்டம் ரேட் ஒப்பந்தத்தில் போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் எஸ்டிமேட்டில் உள்ள அளவு உத்தேசம். உறுதியானது ரேட் மட்டும். வேலை முடிந்ததும் அளந்து, வந்த எடைக்குத்தான் பணம். கூடுதலாகக் காட்டியிருந்தாலும் அளக்கும்போது இறங்கிவிடும், குறைவாகக் காட்டியிருந்தாலும் ஏறிவிடும். நீங்கள் சொன்ன 22ஆம் பிரிவு ஒப்பந்தம் செல்லுமா என்பதைப் பற்றியது. இங்கே ஒப்பந்தம் செல்லும், யாரும் மறுக்கவில்லை. அந்த ஒப்பந்தம் எதற்குப் பணம் கொடுக்கச் சொல்கிறது என்பதுதான் விஷயம்.

இதே வீடு சதுரடி ரேட்டில் இருந்தால் நான் உங்கள் பக்கம். அங்கே கம்பி எவ்வளவு போனாலும் கான்ட்ராக்டர் பாடு. ஆனால் அங்கேயும் நடு பீமை எடுக்கச் சொன்னது வீட்டுக்காரர்தானே, அந்த மாற்றத்துக்குத் தனியாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

---

கறார்_கஸ்டமர்

"உத்தேசம்" என்று தாளில் எழுதியிருந்தால் சரி. எழுதவில்லை என்றால்? 7,860 கிலோ, இத்தனை ரூபாய் என்று போட்டு, கீழே மொத்தத் தொகையும் போட்டு, ஓகே வாங்கினால் அது விலைதான். நான் வக்கீலிடம் கேட்காமல் ஒரு பைசா தரமாட்டேன்.

---

சின்ன_கான்ட்ராக்டர்

வக்கீல் ஃபீஸ் ரூ.29,400-ஐத் தாண்டிவிடும் அண்ணே.

---

காவிரிக்கரை_மனை

ஒப்பந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். "வேலை முடிந்தபின் அளவெடுத்து பில் போடப்படும்" என்று இருக்கிறது. ஆகவே அளவுப்புத்தகம் சார் சொன்னபடிதான் என்று நினைக்கிறேன். சேதாரம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ரேட் வரியில் "வாங்கி, வெட்டி, வளைத்து, கட்டுக்கம்பி உட்பட" என்று இருக்கிறது. சேதாரம் உட்பட என்றும் இல்லை, நீங்கலாக என்றும் இல்லை.

கான்ட்ராக்டரிடம் போனில் பேசினேன். 340 பற்றி பேச்சே இல்லை, இருவருக்கும் சரி. சேதாரத்தைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. "எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் போடுகிறேன், ரேட் அதை வைத்துத்தான் ரூ.84-க்கு இறக்கினேன், இல்லை என்றால் 86 போட்டிருப்பேன்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி தெரிகிறது. என்ன பதில் எழுதுவது?

---

அளவுப்புத்தகம்

சொல்கிற கணக்கு சரிதான், 84-க்கு 3 சதவீதம் சேர்த்தால் 86.52. அப்படியானால் அவர் கேட்பது புதிதாக ஒன்றும் இல்லை, ரேட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். முதல் எஸ்டிமேட்டிலேயே நீங்கள் பார்த்து ஏற்றுக்கொண்டதும்தான். என் கைக்கு வந்திருந்தால் வெட்டியிருப்பேன், ஆனால் அது அரசு பில். உங்கள் விஷயத்தில் நீங்கள் இருவரும் பேசி முடிப்பதுதான்.

ஒரு வழி சொல்கிறேன். நிலையான சதவீதம் வேண்டாம், மிச்சத் துண்டை வைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு மீட்டருக்குக் குறைவாகக் கிடக்கும் துண்டுகளை எடை போட்டு, அந்த எடைக்கு மட்டும் சேதாரம், அதிகபட்சம் 3 சதவீதம். துண்டு உங்களுக்கு. அவர் ஒத்துக்கொண்டால் 10 மி.மீ துண்டை அவரே பத்திரமாக எடுத்து டாப் கம்பிக்குப் போடுவார், பாருங்கள்.

மெயிலுக்குப் பதிலை இப்படிப் போடலாம்:

> வரிசை 14-ன் எடை 944.6 கிலோ என்பதை ஏற்கிறேன். மொத்தக் கம்பி அளவு உத்தேசமாக 8,200 கிலோ. பில் எடை, கட்டிய கம்பியை கான்கிரீட் போடும் முன் இருவரும் சேர்ந்து அளந்து, ஐஎஸ் 1786 நிலையான எடைப்படி கணக்கிடப்படும். வரிசை 14, 15 இரண்டையும் ஒரே 12 மீட்டர் கம்பியிலிருந்து வெட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். சேதாரம் பற்றி தனியாகப் பேசி முடிவு செய்வோம். இந்த ஒப்புதல் அதற்குப் பொருந்தாது.

கடைசி வரி முக்கியம். இல்லாவிட்டால் 8,446-க்கும் சேர்த்து ஓகே சொன்னதாக ஆகிவிடும். வெறும் "ஓகே" மட்டும் இனிமேல் போடாதீர்கள்.

---

சின்ன_கான்ட்ராக்டர்

துண்டை எடை போட்டுக் காசு கொடுப்பதா? நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவ்வளவு நாள் துண்டைக் காவல் காப்பது யார்? ராத்திரியில் சைட்டில் துண்டுக் கம்பி எங்கே தங்குகிறது?

---

மேலூர்_மகள்

எங்கள் சைட்டில் ஒரு துண்டு கூடத் தங்கவில்லை. அது உண்மை.

---

ஓய்வுபெற்ற_வாத்தியார்

"இருவரும் சேர்ந்து அளந்து" என்றால் என்ன செய்ய வேண்டும்? நம்மைப் போன்றவர்கள் ஸ்லாப் மேல் ஏறி என்ன அளப்பது?

---

அளவுப்புத்தகம்

சுலபம் ஐயா. கம்பி கட்டி முடித்த பின், கான்கிரீட்டுக்கு முந்தின நாள் ஏறுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மெயின் கம்பியை எண்ணுங்கள், 81 வர வேண்டும். நாலு இடத்தில் டேப் வைத்து இடைவெளி பாருங்கள், 150 மி.மீ. விட்டம் சந்தேகமாக இருந்தால் கம்பியின் மேலேயே உற்பத்தியாளர் பெயரோடு பெரும்பாலும் அளவும் பதிந்திருக்கும், தடவிப் படிக்கலாம். பீம் மேல் டாப் கம்பி எண்ணிக்கை. போட்டோ எடுங்கள், டேப் தெரியும்படி. பட்டியலில் டிக் போட்டு இருவரும் கையெழுத்து. அரை மணி நேர வேலை.

---

காவிரிக்கரை_மனை

பதில் மெயில் அனுப்பிவிட்டேன் சார், நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "வரிசை 14 நன்றி. 10 மி.மீ கம்பி நாளை ஆர்டர் போடுகிறேன். சேதாரம் நேரில்." ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

ஆர்டர் செய்யும்போது 162 முழுக் கம்பி என்று எண்ணிக்கையில் சொல்லச் சொல்லலாமா, இல்லை எடையில்தான் கடையில் எடுப்பார்களா?

---

சின்ன_கான்ட்ராக்டர்

கடையில் எடைதான் பில். ஆனால் கட்டுக் கட்டாக வரும், கட்டைப் பிரித்து எண்ணிக்கொள்ளலாம். 162-க்கு மேல் ஐந்தாறு சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். வளைக்கும்போது ஒன்றிரண்டு கெடும்.